அடைப்பா, கிழிசலா?

2003 செப்டம்பர் 11. கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகரில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. அதில் நடித்துக்கொண்டிருந்தவர் ஜான் ரிட்டர். 'த்ரீஸ் கம்பெனி' என்ற நகைச்சுவைத் தொடர் மூலம் அமெரிக்க வீடுகளில் எல்லாம் அறிமுகமான முகம். 55 வயது நிறைய இன்னும் ஆறே நாள். அன்று அவருக்குத் திடீரென்று குமட்டலும் நெஞ்சு வலியும் வந்தன. மருத்துவமனை ஸ்டூடியோவுக்கு மிகப் பக்கத்திலேயே இருந்ததால் உடனே கொண்டுபோனார்கள். மருத்துவர்கள் மாரடைப்பு என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். நிலைமை மோசமானது. பெருந்தமனியின் சுவர் கிழிந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அவசர அறுவைசிகிச்சைக்கு எடுத்தும் பயனில்லை. இரவு பதினொரு மணி ஆவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

குடும்பம் வழக்குப் போட்டது. ஒரு மார்பு எக்ஸ்ரேகூட எடுத்துப் பார்க்காமல் மாரடைப்பு என்று முடிவுகட்டிவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். வந்தவரின் அறிகுறிகள் மாரடைப்போடு பொருந்தின, அதற்கான வைத்தியத்தைத் தாமதிக்க நேரமில்லை என்பது மருத்துவர்கள் தரப்பு. 2008 மார்ச்சில் ஜூரிகளில் 9 பேர் மருத்துவர்கள் பக்கமும் 3 பேர் குடும்பத்தின் பக்கமும் நின்றார்கள். மருத்துவர்கள்மேல் தவறில்லை என்று தீர்ப்பானது.

தீர்ப்பு சரியா தப்பா என்று அலசுவது என் நோக்கமில்லை. ஆனால் 9-க்கு 3 என்ற அந்தக் கணக்கை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. இரு தரப்பு சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும், காத்திருக்க முடியாது. ஆனால் அதே வைத்தியத்தைக் கிழிசல் உள்ளவருக்குக் கொடுத்தால் அதுவே அவரைக் கொன்றுவிடக்கூடும். ஒரே மாதிரி வலி, நேர் எதிரான இரண்டு வைத்தியம். இந்த நோயின் சிக்கல் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

கிழிசல் என்றால் என்ன? பெருந்தமனி என்பது இதயத்திலிருந்து கிளம்பும் தலைமைக் குழாய். ஆங்கிலத்தில் அயோர்ட்டா. இதயத்தின் இடது கீழறையிலிருந்து மேலே எழுந்து, கைத்தடியின் வளைவைப் போல வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்கி, தொப்புள் மட்டத்தில் இரண்டு கால்களுக்கும் பிரிகிறது. மார்பில் ஏறத்தாழ 3 செ.மீ. அகலம். சுவரின் தடிமன் 2 மில்லிமீட்டர் அளவுதான். அந்த 2 மில்லிமீட்டருக்குள் மூன்று அடுக்குகள். உள்ளே மெல்லிய வழவழப்பான தோல், நடுவே ரப்பரைப் போல நீண்டு சுருங்கும் தசையடுக்கு, வெளியே நார் உறை.

லைனிங் வைத்துத் தைத்த ஜாக்கெட்டைப் போடும்போது நடப்பது பல பெண்களுக்குத் தெரியும். கை முனையில் லைனிங் ஓரிடத்தில் பிரிந்திருந்தால், விரல் அந்தக் கிழிசலில் நுழைந்து லைனிங்குக்கும் மேல் துணிக்கும் நடுவே போய்விடும். அவசரத்தில் கையை இன்னும் அழுத்தித் தள்ளினால் லைனிங் மேலும் மேலும் பிரியும். வெளியே பார்த்தால் ஜாக்கெட் நன்றாகவே இருக்கும். பெருந்தமனியில் நடப்பதும் இதுதான். உள்தோல் ஓரிடத்தில் கிழிகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வேகமாகத் தள்ளும் ரத்தம் அந்தக் கிழிசலில் நுழைந்து, அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே நீளவாக்கில் ஓடுகிறது. இப்போது குழாய்க்குள் இரண்டு பாதைகள். ஒன்று உண்மையான பாதை, மற்றது சுவருக்குள்ளேயே உண்டான பொய்ப் பாதை. நடுவில் உரிந்த தோல் கொடித்துணி போல ஆடிக்கொண்டிருக்கும். இதைத்தான் மருத்துவர்கள் அயோர்ட்டிக் டிஸெக்‌ஷன் என்கிறார்கள்.

மாரடைப்பு இதற்கு முற்றிலும் வேறு. அங்கே கோளாறு இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் சின்னக் குழாயில். கொழுப்புப் படிந்த இடத்தில் ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. வைத்தியம் அடைப்பை நீக்குவது. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், ஹெபாரின். வசதியுள்ள இடத்தில் ஸ்டென்ட். அது இல்லாத ஊரில் உறைகட்டியைக் கரைக்கும் ஊசி. நம் ஊர்ச் சின்ன மருத்துவமனைகளில் 'லோடிங் டோஸ்' கொடுத்துப் பெரிய இடத்துக்கு அனுப்புகிறார்களே, அது இதற்குத்தான். மாரடைப்பில் அது உயிர் காக்கும் காரியம். கிழிசலிலோ, பிரிந்த சுவரை உடைந்துவிடாமல் தாங்கிக்கொண்டிருப்பதில் உறைந்த ரத்தத்துக்கும் பங்குண்டு. அதைக் கரைக்க ஊசி போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் வலியை வைத்தே பிரித்துவிட முடியாதா? ஓரளவு முடியும். மாரடைப்பு வலி பெரும்பாலும் நெஞ்சின்மேல் பாரம் வைத்ததுபோல, இறுக்கிப் பிடித்ததுபோல இருக்கும். சில நிமிடங்களில் படிப்படியாக ஏறும். இடது கைக்கும் தாடைக்கும் பரவும். கிழிசல் வலி ஏறி வருவதில்லை. வந்த நொடியிலேயே உச்சத்தில் இருக்கும். "பேசிக்கொண்டே இருந்தேன், பளீரென்று குத்தியது" என்பார்கள். எத்தனை மணி எத்தனை நிமிடத்தில் வந்தது, அப்போது கையில் என்ன இருந்தது என்றுகூடச் சொல்ல முடியும். நெஞ்சில் தொடங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகுக்குப் போய், கிழிசல் இறங்க இறங்க வயிற்றுக்கும் இடுப்புக்கும் நகரலாம்.

பாடப்புத்தகம் இந்த வலியைத் துணி கிழிவது போன்றது என்று வர்ணிக்கும். ஆனால் நோயாளிகளின் வாய்ச்சொல் பாடப்புத்தகத்தோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. இந்த நோய்க்கென்றே 1996-ல் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு பதிவேடு தொடங்கின. அதில் சேர்ந்த முதல் 464 பேரின் விவரம் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கிழிப்பது போன்ற வலி என்று சொன்னவர்கள் ஏறத்தாழ பாதிப்பேர்தான். குத்துவது போல என்றவர்கள் அதைவிட அதிகம். ஆனால் சட்டென்று வந்தது என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 85 பேர். ஆகவே வலி எப்படி இருக்கிறது என்பதைவிட எப்படித் தொடங்கியது என்பதே பெரிய தடயம். நம் வீடுகளில் இந்தத் தடயம்தான் முதலில் தொலைகிறது. 'கேஸாக இருக்கும்' என்று சோடா குடித்து, பூண்டு தின்று, முதுகில் தைலம் தேய்த்து இரண்டு மணி நேரம் போன பிறகு மருத்துவரிடம் போகும்போது, "நெஞ்சு வலிக்குதாம்" என்று கூட வந்தவர்தான் பதில் சொல்வார். 'எப்போது, எப்படி ஆரம்பித்தது' என்பது அங்கே வருவதே இல்லை.

கிழிசல் ஓடும் வழியில் கிளைக் குழாய்கள் அடைபடுவதுண்டு. கழுத்துக் குழாயை அடைத்தால் பக்கவாதம் போல வாய் கோணும், கை கால் விழும். கைக்குப் போகும் குழாயை அடைத்தால் ஒரு கையில் நாடி மெலியும், இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்த்தால் 20-க்கு மேல் வித்தியாசம் வரும். காலுக்குப் போவதை அடைத்தால் கால் சில்லிட்டு மரத்துப்போகும். நெஞ்சு வலியும் பக்கவாதமும் ஒன்றாக வந்தால், நெஞ்சு வலியோடு ஒரு கால் மரத்தால், மருத்துவருக்கு முதலில் பெருந்தமனி நினைவு வர வேண்டும். இரண்டு கைகளிலும் அழுத்தம் பார்ப்பது காசில்லாத சோதனை, இரண்டு நிமிட வேலை. ஆனால் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. அந்தப் பதிவேட்டில் நாடி மெலிந்திருந்தவர்கள் 100-ல் 15 பேர்தான்.

இதில் மிக மோசமான பொறி ஒன்று உண்டு. கிழிசல் சில நேரம் இதயத்தை நோக்கிப் பின்னால் ஓடி, இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் வலப்பக்கக் குழாயின் வாயை மூடிவிடும். அப்போது இ.சி.ஜி.யில் அசல் மாரடைப்பின் கோடுகளே வரும். ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் ஏறும். அது பொய்யும் அல்ல. இதயத் தசை உண்மையிலேயே ரத்தமில்லாமல் தவிக்கிறது. ஆனால் காரணம் உறைகட்டி அல்ல, கிழிந்த லைனிங். இதற்கு நேர்மாறாக, கிழிசல் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரின் இ.சி.ஜி. முற்றிலும் இயல்பாக இருக்கிறது. "இ.சி.ஜி. நார்மல், வீட்டுக்குப் போகலாம்" என்ற வாக்கியம் அங்கேதான் ஆபத்தாகிறது. மார்பு எக்ஸ்ரேயில் இதயத்துக்கு மேலே உள்ள நிழல் அகன்று தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் எட்டில் ஒருவருக்கு எக்ஸ்ரேயும் இயல்பாகவே இருக்கும். எக்ஸ்ரே எடுத்திருந்தால் ரிட்டர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக, இந்த நோயை ஊகித்து முடிவுகட்ட முடியாது. கண்ணால் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு வழியே இல்லாத காலமும் இருந்தது. இங்கிலாந்தின் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் 1760 அக்டோபர் 25 காலை எழுந்து, வழக்கம்போல் ஒரு கோப்பை சாக்லேட் பானம் குடித்துவிட்டுக் கழிவறைக்குப் போனார். ஏதோ விழும் சத்தம் கேட்டுப் பணியாள் ஓடிப் பார்த்தபோது தரையில் கிடந்தார். வயது 76. ஃபிராங்க் நிக்கோல்ஸ் என்ற மருத்துவர் உடலைத் திறந்து பார்த்தார். இதயத்தைச் சுற்றியுள்ள பை முழுக்க ரத்தம் உறைந்து கிடந்தது. அது இதயத்தை நெரித்துத் துடிக்கவிடாமல் செய்திருந்தது. பெருந்தமனியின் உட்புறத்தில் ஒன்றரை அங்குலக் கிழிசல். இந்த நோயைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய தெளிவான குறிப்புகளில் அது ஒன்று. மன்னராகவே இருந்தாலும் நோய் என்னவென்று தெரிய அவர் சாக வேண்டியிருந்தது.

இன்று அதே கிழிசலை உயிரோடு இருக்கும்போதே சில நொடிகளில் பார்த்துவிடலாம். அதற்கான பரிசோதனை சி.டி. ஆஞ்சியோகிராம். கையில் உள்ள சிரை வழியாக அயோடின் கலந்த மருந்தை வேகமாகச் செலுத்துவார்கள். உடம்பு முழுக்கச் சூடு பரவுவதுபோல இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. மருந்து பெருந்தமனிக்கு வந்து சேரும் நொடியைக் கணித்துக் கழுத்திலிருந்து தொடை வரை படம் பிடிப்பார்கள். படத்தில் மருந்து நிறைந்த குழாய் வெள்ளையாகவும், உரிந்த தோல் அதன் குறுக்கே ஒரு கருங்கோடாகவும் தெரியும். குறுக்கு வெட்டில் பார்த்தால் டென்னிஸ் பந்தின் தையல் போல இருக்கும். கிழிசல் எங்கே தொடங்குகிறது, எதுவரை ஓடியிருக்கிறது, எந்தெந்த உறுப்புக்கு ரத்தம் குறைந்திருக்கிறது என்று எல்லாமே அந்த ஒரே பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. மருந்து செலுத்தாமல் எடுக்கும் சாதாரண சி.டி.யில் கிழிசல் தெரியாமல் போகலாம். "ஸ்கேன் எடுத்தோமே, ஒன்றுமில்லை என்றார்களே" என்று சொல்பவர்கள் அது எந்த ஸ்கேன் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இதயம் துடிப்பதால் அதன் அருகே படம் கலங்கி, இல்லாத கிழிசலும் இருப்பதுபோலத் தெரியலாம். அதனால்தான் வசதியுள்ள இடங்களில் இ.சி.ஜி.யோடு இணைத்து, துடிப்புக்கு ஏற்ற நொடியில் படம் எடுக்கிறார்கள். பல ஸ்கேன் மையங்களில், சிறுநீரகத்தின் நிலை தெரிய கிரியேட்டினின் ரிப்போர்ட் இருந்தால்தான் மருந்து செலுத்துவார்கள். மற்ற நோய்களுக்கு அந்த எச்சரிக்கை நியாயமானது. கிழிசல் என்று பலத்த சந்தேகம் இருக்கும்போது அந்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பது தலை போகிற நேரத்தில் தலைப்பாகை தேடுவது போலத்தான்.

நோயாளியை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோக முடியாத அளவுக்கு ரத்த அழுத்தம் இறங்கிப்போனால், படுக்கையருகிலேயே எக்கோ பார்க்கலாம். இதயப் பையில் ரத்தம் தேங்கியிருப்பதையும், பெருந்தமனி வாயிலில் உள்ள வால்வு ஒழுகுவதையும் அது காட்டும். உணவுக்குழாய் வழியாகக் கருவியை இறக்கிப் பார்க்கும் எக்கோ இன்னும் துல்லியமானது; உணவுக்குழாய் பெருந்தமனியை ஒட்டியே இறங்குகிறது. நெஞ்சின்மேல் வைத்துப் பார்த்த எக்கோவில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக மட்டும் கிழிசல் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

படம் வந்ததும் மருத்துவர் முதலில் தேடுவது ஒரே ஒரு கேள்விக்கு விடை. இதயத்திலிருந்து மேலே எழும் பகுதி கிழிந்திருக்கிறதா, இல்லையா? கிழிந்திருந்தால் ஏ வகை. அந்தப் பகுதி தப்பித்து, முதுகுப்புறம் இறங்கும் பகுதி மட்டும் கிழிந்திருந்தால் பி வகை. ஏ வகையில் சுவர் எந்த நேரமும் இதயப் பைக்குள் உடைந்து, ஜார்ஜ் மன்னருக்கு நடந்தது நடக்கலாம். அறுவைசிகிச்சை இல்லாவிட்டால் முதல் இரண்டு நாளில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 100-ல் ஒருவர் அல்லது இருவர் இறப்பார்கள் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அண்மைக் கணக்கு அதைவிடக் குறைவு, மணிக்கு அரை சதவீதம் அளவு. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் ஓர் இரவு முழுக்கக் காத்திருக்கும் துணிவு யாருக்கும் வராது. பி வகைக்குப் பெரும்பாலும் மருந்து போதும். குடலுக்கோ காலுக்கோ ரத்தம் போகாவிட்டால் தொடை வழியாகத் துணியுறை போட்ட ஸ்டென்ட் வைப்பார்கள்.

அறுவை அரங்கம் தயாராகும்வரை செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கிழிசலை நீட்டுவது ரத்தத்தின் வேகம். ஆகவே இதயத்தின் உதையைத் தணிக்க வேண்டும். முதலில் வலி தீர நல்ல ஊசி. வலி இருக்கும்வரை அழுத்தம் இறங்காது. பிறகு எஸ்மோலால், லாபெட்டலால் போன்ற பீட்டா பிளாக்கர் மருந்தைச் சிரையில் ஏற்றி, துடிப்பை நிமிடத்துக்கு 60-க்குக் கீழும் மேல் அழுத்தத்தை 100 முதல் 120-க்குள்ளும் கொண்டுவருவார்கள். வரிசை மாறக் கூடாது. அழுத்தத்தை மட்டும் இறக்கும் மருந்தை முதலில் கொடுத்தால், இதயம் அதை ஈடுகட்ட வேகமாக உதைக்கும். கிழிசல் இன்னும் ஓடும். மேல் அழுத்தம் ஏற்கெனவே 80, 90 என்று இறங்கிக் கிடந்தால் கதை வேறு. அப்போது சுவர் உடைந்து ரத்தம் கசியத் தொடங்கியிருக்கலாம்.

ஏ வகையில் கிழிந்த மேல் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு டேக்ரான் என்ற செயற்கைத் துணிக் குழாயைத் தைப்பார்கள். இந்தத் துணிக் குழாய்க்குப் பின்னால் மைக்கேல் டிபேக்கி என்ற டெக்சாஸ் அறுவை நிபுணர் இருக்கிறார். 1950-களின் தொடக்கத்தில் ஹூஸ்டன் நகரத்துக் கடையொன்றில் நைலான் துணி கேட்டார். தீர்ந்துவிட்டது, டேக்ரான் இருக்கிறது என்றார்கள். வாங்கிப்போய் வீட்டில் மனைவியின் தையல் மெஷினில் குழாயாகத் தைத்தார். கிழிந்த பெருந்தமனியைச் சரிசெய்யும் முதல் வெற்றிகரமான அறுவைசிகிச்சைகளை 1955-ல் வெளியிட்டவரும் அவரே. ஐம்பது ஆண்டு கழித்து, 2005 டிசம்பர் 31 அன்று, வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒரு சொற்பொழிவுக்குத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, 97 வயதான அவருடைய மார்பையும் தோள்பட்டைகளுக்கு நடுவையும் கழுத்தையும் கூர்மையான வலி துளைத்தது. இன்னும் சில நொடியில் இதயம் நின்றுவிடும் என்றே முதலில் நினைத்தாராம். நிற்கவில்லை. பிறகுதான் இது தான் வாழ்நாள் முழுதும் பிறருக்குத் தைத்த அதே கிழிசல் என்று அவருக்கே புரிந்தது. அதன் பின்னும் அவர் உடனே மருத்துவமனைக்குப் போகவில்லை என்பதைப் படித்தபோது, 'கேஸ்' என்று வீட்டிலேயே படுத்திருக்கும் நம் பெரியவர்கள்மேல் இருந்த கோபம் எனக்குக் கொஞ்சம் குறைந்தது. சி.டி. ஸ்கேன் கிழிசலை உறுதிசெய்தது. 2006 பிப்ரவரியில் சக நிபுணர்கள் அறுவைசிகிச்சை செய்து துணிக் குழாய் தைத்தார்கள். இரண்டாண்டுக்கு மேல் வாழ்ந்து, 2008 ஜூலையில் 99 வயதில் இறந்தார்.

நெஞ்சு வலி வந்த ஒவ்வொருவரும் இதைப் படித்துவிட்டு ஆஸ்பிரின் வேண்டாம், முதலில் ஸ்கேன் எடுங்கள் என்று அடம் பிடிக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் மூன்று நான்கு பேருக்கு வரும் நோய் இது. மாரடைப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம். இ.சி.ஜி. மாரடைப்பு என்று தெளிவாகச் சொல்லி, வலியும் அதற்கேற்றபடி இருந்தால் மருத்துவர் மாரடைப்பு வைத்தியத்தைத் தொடங்குவதுதான் முறை. நாம் செய்யக்கூடியது, 108-ஐ அழைத்துப் போய்ச் சேர்ந்ததும் சில தகவல்களைச் சரியாகச் சொல்வது. வலி ஒரே நொடியில் உச்சத்தில் வந்ததா? முதுகுக்கோ வயிற்றுக்கோ நகர்ந்ததா? வலியோடு மயக்கமோ கை கால் மரத்துப்போவதோ இருந்ததா? பிரஷர் மாத்திரை சாப்பிடுபவரா, சமீபத்தில் நிறுத்திவிட்டாரா? அந்த 464 பேரில் 72 சதவீதத்தினருக்கு ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம் இருந்தது. குடும்பத்தில் யாராவது பெருந்தமனி வீக்கத்தாலோ காரணம் தெரியாமல் திடீரென்றோ இறந்திருக்கிறார்களா?

கடைசிக் கேள்வியைத்தான் வீட்டில் யாரும் பொருட்படுத்துவதில்லை. பலருக்குப் பெருந்தமனி கிழிவதற்கு முன்பே பல ஆண்டுகளாக மெல்ல வீங்கிக்கொண்டு வரும், வலிக்காது, தெரியாது. மார்ஃபன் நோய் உள்ளவர்களுக்கு, அதாவது அளவுக்கு மீறி உயரமாக, கை கால் விரல்கள் மிக நீளமாக இருக்கும் அந்தப் பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு, இது இளவயதிலேயே நேரலாம். பெருந்தமனி வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டே இதழோடு பிறந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். சில குடும்பங்களில் இது மரபணு வழியாகவே இறங்குகிறது. ஒருவருக்குக் கிழிந்தது தெரிந்தால், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோர் எக்கோவோ ஸ்கேனோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். வீக்கம் 5.5 செ.மீ. வந்தால், இப்படிப்பட்ட குடும்பத்தினருக்கு அதற்கும் முன்பே, நாள் குறித்து நிதானமாக அறுவைசிகிச்சை செய்துவிடலாம்.

ஜான் ரிட்டரின் அண்ணன் டாம், தம்பி இறந்த பிறகு பரிசோதனை செய்துகொண்டார். அவருடைய பெருந்தமனியும் வீங்கியிருந்தது. கிழிவதற்கு முன்பே அறுவைசிகிச்சை செய்து அதைச் சரிசெய்தார்கள்.